எட்டாம் வகுப்பின் பட்டை மட்டும் ஏன் குட்டை? வருகைப் பதிவேட்டை வரைபடமாக்கலாம்

பள்ளி அறிவிப்புப் பலகையில் அடிக்கடி பார்க்கிற வரைபடம்தான்: வகுப்புவாரியாக வருகைச் சதவீதம், அதில் ஒரு வகுப்பின் பட்டை மட்டும் தரையோடு தரையாக. எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் படம் பொய் சொல்லும். அது எப்படி நடக்கிறது என்று ஒரு மாதக் கணக்கை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, உங்கள் பதிவேட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தாளில் ஏற்றுவது

கூகுள் ஷீட்ஸில் A நெடுவரிசையில் வகுப்பு, B-யில் மாணவர் எண்ணிக்கை, C-யில் அந்த மாதத்தின் மொத்த வருகை (அதாவது ஒவ்வொரு மாணவரும் வந்த நாட்களின் கூட்டுத்தொகை). காலை, மதியம் என இரண்டு முறை குறிக்கிற பள்ளி என்றால் ஒவ்வொன்றும் அரை நாள். F1-ல் வேலை நாட்கள், இங்கே 22.

```
6   38   786
7   41   839
8   40   801
9   36   729
10  35   731
```

முதல் வரி தலைப்புக்கு. D2-ல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=C2/(B2*$F$1)*100
```

94.0, 93.0, 91.0, 92.0, 94.9 என்று வரும். C-யை அப்படியே வரைந்துவிடாதீர்கள், அதில் 41 பேர் உள்ள ஏழாம் வகுப்புதான் முதலிடம் பிடிக்கும், கூட்டம் அதிகம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை.

2. ஏமாற்றும் படம்

A-யையும் D-யையும் தேர்ந்தெடுத்து `Insert > Chart`, வகை `Column chart`. பிறகு `Customize > Vertical axis` போய் `Min` இடத்தில் 90 என்று போடுங்கள். இப்போது எட்டாம் வகுப்பின் உயரம் 1, பத்தாம் வகுப்பின் உயரம் 4.9. பார்ப்பவர் கண்ணுக்குப் பத்தாம் வகுப்பில் ஐந்து மடங்கு பேர் வருகிற மாதிரி. உண்மையான வித்தியாசமோ நான்கு புள்ளிகூட இல்லை.

இதை யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எக்செல்லில் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண்ணின் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினாலே அச்சு தானாகச் சுழியத்தை விட்டு மேலே ஏறிவிடும். வகுப்புகளின் வருகைச் சதவீதம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் இந்தப் பொறியில் எளிதாகச் சிக்கிவிடலாம்.

3. சுழியத்தில் தொடங்கினால் போதுமா?

`Min`-ஐ 0 ஆக்குங்கள். ஐந்து பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். பட்டையின் நீளத்தைத்தான் கண் அளக்கிறது, அதனால் பட்டை என்றால் சுழியம் கட்டாயம். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்து "எல்லா வகுப்பும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று தலைமையாசிரியர் போய்விட்டால் அதுவும் வம்புதான்.

நமக்குத் தெரிய வேண்டியது யார் வரவில்லை என்பது. அப்படியானால் வராததையே வரையுங்கள். E2-ல்:

```
=100-D2
```

எட்டாம் வகுப்பு 9.0, பத்தாம் வகுப்பு 5.1. இதைச் சுழியத்திலிருந்து வரைந்தால் ஒரு பட்டை இன்னொன்றைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு, எண்ணும் அதையேதான் சொல்கிறது. தலைப்பில் "வராத நாட்கள், சதவீதத்தில்" என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே "வருகை" என்று போட்டால் உயரமான பட்டையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். முப்பரிமாணப் பட்டை வேண்டாம், ஒரு வகுப்புக்கு மட்டும் சிவப்பு அடிப்பதும் வேண்டாம்.

4. சராசரிக்குள் எட்டிப் பார்ப்பது

சரி, எட்டாம் வகுப்பில் மொத்தம் 79 நாள் வராமை. இதை 40 பேர் பகிர்ந்துகொண்டார்களா, இல்லை சிலர் மட்டுமா? புதுத் தாளில் B2:B41-ல் ஒவ்வொருவரும் வராத நாட்களை ஏற்றி எண்ணுங்கள்:

```
=COUNTIF(B2:B41,0)
=COUNTIFS(B2:B41,">0",B2:B41,"<3")
=COUNTIFS(B2:B41,">=3",B2:B41,"<6")
=COUNTIF(B2:B41,">=6")
```

நம் உதாரணத்தில் விடை 14, 20, 4, 2 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி இரண்டு பேரும் மாதம் முழுக்க, 22 நாளும், வரவே இல்லை. அவர்கள் கணக்கில் மட்டும் 44 நாள் போய்விடுகிறது. மீதி 38 பேருக்கு 35 நாள், அதாவது 4.2 சதவீதம், பத்தாம் வகுப்பைவிடக் குறைவு! வகுப்பையே கூப்பிட்டுக் கண்டிக்கக் கிளம்பியவர் இப்போது இரண்டு வீடுகளுக்குப் போய் விசாரிக்க வேண்டியிருக்கும். ஆனால் அவர்களை நீக்கிவிட்டு 4.2-ஐ மட்டும் பலகையில் போடுவதும் ஏமாற்றுதான், போட்டால் இரண்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

இந்தக் கடைசிக் கணக்கு ஆசிரியர் அறைக்கு மட்டும். பெயரை எடுத்துவிட்டாலும் 40 பேர் வகுப்பில் அந்த இரண்டு பேர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்?