செல்ஃப் டிரைவுக்கு கார் வாங்குமுன் இடது முன்மூலையைப் பாருங்கள்

வாடகைக்கு எடுத்தவர் தானே ஓட்டிப் போன வண்டி திங்கட்கிழமை காலை திரும்பி வந்ததும் நான் முதலில் போய் நிற்கிற இடம் இடது பக்க முன்மூலை. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், சக்கரம், கண்ணாடி எல்லாம் கூடுகிற இடம் அது. நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பழக்கமில்லாத வண்டியில் இடது மூலை எங்கே முடிகிறது என்பது அவருக்குக் கண்ணிலும் தெரியாது, கைக்கும் பிடிபடாது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கின் தூண், தெருவோரப் பிளாட்பாரக் கல், இடது பக்கம் நுழைகிற ஆட்டோ எல்லாம் அந்த மூலையில்தான் உரசும். எந்தக் காரை வாங்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதுதான்: அந்த மூலையை மாற்ற என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று இறங்குவதுதான் இந்தத் தொழிலின் முதல் தவறு. செல்ஃப் டிரைவ் வண்டிக்கு கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து வேண்டும். 1989-இல் வந்த ரென்ட் எ கேப் திட்டத்தின்படி லைசென்ஸ் வாங்க குறைந்தது 50 வண்டிகள் வேண்டும். இரண்டு மூன்று கார் வைத்திருப்பவர் லைசென்ஸ் உள்ள ஆபரேட்டரோடு சேர்ந்துதான் ஓட்ட முடியும். அப்போது அந்த ஆபரேட்டர் எத்தனை வருஷ வண்டி வரை எடுத்துக்கொள்வார், எந்த மாடல், எந்த கியர் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வாங்கிவிட்டுக் கேட்டால் காலம் கடந்துவிடும். சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸில் ஓடுகிற வண்டி வாடகையில் இருக்கும்போது அடிபட்டால் கிளெய்ம் நிற்காது, இதையும் மனதில் வையுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். அதிக வாடகை கிடைக்கும் என்பதற்காக விலை அதிகமான காரை எடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்கிற தவறு. இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள். முதலாவது, சன்ரூஃப், எல்.இ.டி. விளக்கு, பெரிய அலாய் வீல் எல்லாம் உள்ள டாப் வேரியன்ட் எஸ்.யூ.வி. புதிதாக 16 லட்சம், நான்கு வருஷம் கழித்து 8 லட்சத்துக்கு விற்கலாம். இரண்டாவது, மூன்று வருஷம் ஓடிய எர்டிகா மாதிரி ஏழு சீட் பெட்ரோல் வண்டி, நடு வேரியன்ட். 8.5 லட்சத்துக்கு வாங்கி நான்கு வருஷம் கழித்து 4.5 லட்சத்துக்கு விற்கலாம்.

முதல் வண்டி மாதம் 14 நாள், நாளுக்கு 3,500 என்றால் 49,000 ரூபாய். இரண்டாவது 16 நாள், 2,800 என்றால் 44,800. முதலாவது 4,200 ரூபாய் அதிகம் தருகிற மாதிரிதான் தெரியும். ஆனால் அதன் மதிப்பு மாதத்துக்கு சுமார் 16,700 ரூபாய் கரைகிறது. இரண்டாவதற்கு 8,300தான். ஆக, இரண்டாவது வண்டி ஏற்கெனவே 4,000 ரூபாய்க்கு மேல் முன்னால் நிற்கிறது. டாப் வேரியன்டுக்கு வாங்கிய கடனின் கூடுதல் வட்டி இதில் சேரவில்லை.

இப்போது இடது மூலை உரசுகிறது. எல்.இ.டி. ஹெட்லைட் பெரும்பாலும் முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். சாதாரண ஹாலோஜன் விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு ஆகும். பம்பரில் சென்சார் இருந்தால் பம்பர் மாற்றினால் மட்டும் போதாது, சென்சாரைச் சரியாகப் பொருத்திச் சோதிக்கவும் வேண்டும். இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். பம்பர், ஹெட்லைட் இரண்டும் பிளாஸ்டிக். மீதிப் பாதி உங்கள் கையிலிருந்து போகும். கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். வாடிக்கையாளரின் டெபாசிட் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். பாகம் வரும் வரை வண்டி நிற்கிற நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சனி ஞாயிறு போனாலும் பெரிய அடி, ஏனென்றால் சென்னையில் நமக்குப் பிழைப்பே வார இறுதியில்தான்.

அதனால் வாங்குமுன் சென்னையில் கார் பாகங்கள் விற்கிற ஜி.பி. ரோடு பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், இடது கண்ணாடி, ஒரு டயர், ஒரு சக்கரம், இந்த ஆறுக்கும் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொன்னால் நாளைக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அலாய் வீலுக்குப் பதிலாக ஸ்டீல் ரிம் உள்ள வேரியன்ட் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள். பள்ளத்தில் விழுந்து நெளிந்தாலும் ஸ்டீல் ரிம்மைத் தட்டி நேராக்கிவிடலாம்.

டிமாண்டைப் பற்றி ஒரு தவறு உண்டு, நமக்குப் பிடித்த வண்டி ஊருக்கும் பிடிக்கும் என்று நினைப்பது. நம்மிடம் வருகிறவர்கள் யார்? திருவண்ணாமலைக்கோ பாண்டிச்சேரிக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள், முகூர்த்த நாளில் சொந்தக்காரர்களை அழைத்து வர வேண்டியவர்கள், கார்த்திகையில் மாலை போட்டு சபரிமலைக்குக் கிளம்புகிறவர்கள். ஏழு சீட் ஒன்று இருந்தால் இவர்கள் விடமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் அந்த வருமானம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். வார நாட்களில் ஓ.எம்.ஆர். பக்கம் சின்ன ஆட்டோமேட்டிக் கேட்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் ஏ.எம்.டி. வகையை வாங்குவதென்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: உள்ளே இருப்பது மேனுவல் வண்டியின் கிளட்ச்தான். ஏற்காடு மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைக்கிற வாடிக்கையாளர் அதைத் தீர்த்துவிடுவார். கிளம்பும்போதே அதை அவருக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

டீசல் மலிவு என்று சிட்டி ஓட்டத்துக்கு பி.எஸ். 6 டீசல் எடுக்காதீர்கள். புகைபோக்கியில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டி நீண்ட தூரம் ஓடினால்தான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அது அடைத்துக்கொள்ளும்போது டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்கை வாடகைக்கு எடுத்தவர் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவார்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சென்னையில் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்துவிடும். டேஷ்போர்டைத் துடைத்துப் பளபளப்பாக்குவது சுலபம். முன் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து, அது நிற்கிற வரை முழுசாக வெளியே இழுங்கள். எப்போதும் சுருண்டே கிடக்கிற அந்தக் கடைசிப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே வெளுத்த மண் கோடு தெரிந்தால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளி, அது ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள், அதில் துரு இருக்கிறதா என்று. ஸ்டெப்னி இருக்கிற குழியில் கையை விட்டால் மணல் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் பத்து நிமிஷ வேலை. விற்கிறவர் "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டால், அதற்காகவே இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்துப் பாருங்கள்.