கேரமல் புட்டிங்: கசப்பும் கல்லாக இறுகுவதும் எங்கே தொடங்குகிறது

அரை லிட்டர் பால், 3 முட்டையில் செய்யும் புட்டிங்குக்குக் கேரமல் பாகு காய்ச்ச 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் 2 மேசைக்கரண்டி தண்ணீரும் போதும். நாட்டுச் சர்க்கரை வேண்டாம். அது முதலிலேயே பழுப்பாக இருப்பதால் கருகுவது கண்ணுக்குத் தெரியாது. இதே காரணத்தால்தான் கறுப்பு நான்ஸ்டிக்கை விட அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

சர்க்கரை கரையும் வரை கிளறலாம். கொதி வந்த பிறகும் கரண்டியை விடாமல் கிளறுவதுதான் பலர் செய்யும் தவறு. ஓரத்தில் ஒட்டியிருக்கும் நாலு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தால், மொத்தப் பாகும் வெள்ளையாகப் பூத்து மணல் மாதிரி ஆகிவிடும். கொதித்ததும் கரண்டியை எடுத்துவிட்டு, நிறம் ஒரு பக்கமாக ஏறும்போது பாத்திரத்தை மட்டும் சுழற்றுங்கள். தொடக்கத்திலேயே நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூப்பது குறையும். அப்படியும் பூத்துவிட்டால் கொட்ட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு, முழுக்கக் கரைத்து, மறுபடி காய்ச்சலாம்.

கசப்புக்கு அப்படி மருந்து கிடையாது. பாகு சுமார் 170 டிகிரி செல்சியஸில் பொன்னிறமாகும், 190-ஐத் தாண்டினால் கசக்கத் தொடங்கும். இந்த இடைவெளி சில வினாடிகள்தான், அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் சூட்டில் நிறம் ஏறிக்கொண்டே போகும். அதனால் நினைத்த நிறம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். பாத்திரத்துக்குள் எப்போதும் கறுப்பாகத் தெரியும் என்பதால் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். பால் விடாத தேநீரின் நிறம் சரி. புகை வந்து மூக்கைக் குத்தினால் வேலை முடிந்தது, அந்தப் பாகைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதே மேல். இன்னும் சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு மறையாது.

இறக்கியதும் 2 மேசைக்கரண்டி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சூடு ஏறுவதும் நிற்கும், பாகும் இளகலாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரோ ஃப்ரிஜ் பாலோ விட்டால் பட்ட இடம் சட்டென்று கண்ணாடிக் கட்டியாகிவிடும். அப்படி ஆனால் மிகச் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள், இளகிவிடும். வெந்நீர் விட்டாலும் பாகு பொங்கித் தெறிக்கும், அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சில் ஊற்றியதும் பாகு இறுகுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. புட்டிங்கில் உள்ள ஈரத்தில் அது மெல்லக் கரையும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். வேகவைத்த ஒரு மணி நேரத்தில் கவிழ்ப்பவர்களுக்குத்தான் பாகில் பாதி அச்சின் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஓர் இரவு ஃப்ரிஜில் இருக்கட்டும். மறுநாளும் கொஞ்சம் ஒட்டியிருந்தால், அச்சின் அடியை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்துவிட்டுக் கவிழ்க்கலாம்.