ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்துவிட்டாலே பிசிஓஎஸ் ஆகிவிடாது

எங்கள் மகளிர் நலப் பிரிவுக்குப் புதிதாக வரும் டாக்டர்கள், நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதில் பிசிஓஎஸ் என்ற, ஆண் ஹார்மோன் கூடி மாதவிடாய் தள்ளிப்போகும் கோளாறைக் கண்டுபிடிப்பதில் செய்யும் தவறுகளை மட்டும் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஸ்கேனிலிருந்து தொடங்குவது

போன வாரம் 15 வயதுப் பெண்ணை அம்மா அழைத்து வந்தார். வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் "பாலிசிஸ்டிக் ஓவரி" என்று எழுதியிருந்தார்கள். "நீர்க்கட்டி இருக்காம் டாக்டர், பின்னாடி குழந்தை பிறக்குமா?" என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார். பெண் வயதுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, மாதவிடாய் 30 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறது, நெற்றியில் நாலு பரு, அவ்வளவுதான். நீர்க்கட்டி என்று நாம் சொல்வது உண்மையில் கட்டியே இல்லை, முழுதாக வளராமல் நின்ற முட்டைப் பைகள். இந்த வயதில் அவை நிறைய இருப்பது சாதாரணம், அதனால்தான் வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை பிசிஓஎஸ் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்கவே வேண்டாம் என்கிறார்கள்.

இதையே தலைகீழாக நான் செய்தேன். 24 வயதுப் பெண், வருடத்துக்கு ஆறு தடவைதான் மாதவிடாய், தாடையில் கறுத்துத் தடித்த முடி. ஸ்கேன் நன்றாக இருந்ததால் "ஒன்றும் இல்லைம்மா" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்துக் குழந்தை இல்லை என்று வந்தபோது, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் பார்த்த சர்க்கரை 168, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். வளர்ந்த பெண்ணுக்கு மாதவிடாய் 35 நாளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்து, ஆண் ஹார்மோன் கூடியதற்கான முடியும் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் அதுவே போதும், ஸ்கேன் தேவையில்லை. அது அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முகத்தைப் பார்த்து "முடி இல்லை" என்று எழுதுவது

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின நாள் த்ரெட்டிங் செய்துகொண்டு வருபவர்கள்தான் அதிகம். கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள், தாடையிலா, மார்பிலா, தொப்புளுக்குக் கீழேயா? கன்னத்தில் இருக்கும் பூனை முடி கணக்கில் வராது.

மாத்திரை கொடுத்துவிட்டு ஹார்மோன் பார்ப்பது

மாதவிடாயைச் சீராக்கக் கொடுக்கும் கருத்தடை மாத்திரை ஆண் ஹார்மோன் அளவைக் குறைத்துக் காட்டும், அதனால் ரத்தத்தை முதலில் எடுங்கள்.

மற்ற காரணங்களைப் பார்க்காமல் விடுவது

தைராய்டு, புரோலாக்டின், அப்புறம் அட்ரீனல் கோளாறுக்காக 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன், இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பிசிஓஎஸ் என்று எழுத வேண்டும். முடி சில மாதங்களிலேயே வேகமாக வளர்ந்து, குரலும் தடித்தால் அது பிசிஓஎஸ் போக்கே இல்லை. சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று அந்த வாரமே பார்த்தாக வேண்டும்.