செங்குத்தான அணைச்சுவரை நீர் தள்ளும் விசை: தொகையீட்டில் கணக்கிடுவது எப்படி?

இரு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒரு செங்குத்தான அணைச்சுவர். நீர்மட்டத்தில் சுவரின் அகலம் 80 மீட்டர். அடியில், பள்ளத்தாக்கு குறுகிவிடுவதால், 40 மீட்டர். நீரின் ஆழம் 20 மீட்டர். இந்தச் சுவரை நீர் மொத்தம் எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது?

அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் இங்கே எந்த அழுத்தத்தை எடுப்பது? நீரின் மேற்பரப்பில் அது பூஜ்யம். அடியில் ஏறக்குறைய 196 கிலோபாஸ்கல். அகலமும் ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறுவதால்தான் தொகையீடு தேவைப்படுகிறது.

படி 1: ஒரே ஒரு பட்டையைப் பாருங்கள்

நீர்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, கீழ்நோக்கி ஆழத்தை y என்று அளப்போம். சுவரில் 12 மீட்டர் ஆழத்தில், 10 சென்டிமீட்டர் உயரமுள்ள கிடைமட்டப் பட்டை ஒன்றை மனத்தில் வெட்டி எடுங்கள். அதன் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 10 சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால், பட்டை முழுவதும் ஒரே அழுத்தம் என்று கொள்ளலாம். கிடைமட்டமாகப் பட்டை வெட்டுவதற்கு இதுதான் காரணம். செங்குத்தாக வெட்டினால் ஒரே பட்டைக்குள் மேலே ஓர் அழுத்தமும் கீழே ஓர் அழுத்தமும் வந்து, சிக்கல் அப்படியே நிற்கும்.

அகலம் 20 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் குறைகிறது. அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 2 மீட்டர். ஆகவே 12 மீட்டர் ஆழத்தில் அகலம் 80 − 24 = 56 மீட்டர். பட்டையின் பரப்பு 5.6 சதுர மீட்டர். நீரில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் 9.81 கிலோபாஸ்கல் கூடும். ஆகவே அந்த ஆழத்தில் அழுத்தம் 9.81 × 12 = 117.7 கிலோபாஸ்கல். பெருக்கினால் சுமார் 659 கிலோநியூட்டன், ஏறத்தாழ 67 டன் எடைக்குச் சமம். ஒரு சாண் உயரம்கூட இல்லாத பட்டையின் மீது இவ்வளவு!

வளிமண்டல அழுத்தத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அது நீரின் மேல் அழுத்துவது போலவே சுவரின் மறுபக்கத்தையும் அழுத்துகிறது, இரண்டும் கழிந்துவிடுகின்றன.

படி 2: எல்லாப் பட்டைகளையும் கூட்டுங்கள்

தொகையீட்டுக்குப் போகும் முன் கையாலேயே ஒரு தோராயம் போட்டுப் பார்ப்பது நல்லது. சுவரை 5 மீட்டர் உயரமுள்ள நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடு ஆழத்தையும் அந்த ஆழத்து அகலத்தையும் எடுங்கள். ஆழம், அகலம், பட்டையின் உயரம் மூன்றையும் பெருக்கினால்:

```
2.5  × 75 × 5 =  937.5
7.5  × 65 × 5 = 2437.5
12.5 × 55 × 5 = 3437.5
17.5 × 45 × 5 = 3937.5
           sum = 10750
```

ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை என்பதால், இந்த 10,750 டன் கணக்கிலான விசை. அடிப்பட்டைதான் எல்லாவற்றிலும் குறுகியது, ஆனால் அதன் பங்குதான் பெரியது என்பதைக் கவனியுங்கள்.

பட்டைகளை மேலும் மேலும் மெலிதாக்கினால் இந்தக் கூட்டல் தொகையீடாகிறது. பட்டையின் உயரம் dy, அகலம் w(y) = 80 − 2y, அழுத்தம் 9.81y.

```
F = ∫ 9.81 · y · (80 − 2y) dy,   y = 0 … 20
  = 9.81 · [40y² − (2/3)y³]
  = 9.81 · (16000 − 5333.3)
  = 9.81 · 10666.7
  ≈ 104640 kN
```

டன்னில் சொன்னால் சுமார் 10,667. நான்கே பட்டைகளில் போட்ட தோராயம் இதிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. நிஜப் பள்ளத்தாக்கு இப்படி ஒழுங்கான சரிவகமாக இருக்காது. அங்கே அகலத்துக்குச் சூத்திரம் கிடைக்காது, ஆழவாரியாக அளந்த அட்டவணைதான் கிடைக்கும். அப்போது இந்தப் பட்டைக் கூட்டலே முறையான வழி.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் இடறும் இடம் இரண்டு. முதலாவது, பாதி ஆழத்து அழுத்தத்தை மொத்தப் பரப்பால் பெருக்குவது. பரப்பு 1200 சதுர மீட்டர், பாதி ஆழம் 10 மீட்டர். விடை 12,000 டன். இது 12.5 சதவீதம் அதிகம். செவ்வகச் சுவருக்கு இந்தக் குறுக்குவழி சரியாக வரும். இங்கே அகலமான பகுதி மேலே, அழுத்தம் குறைவான இடத்தில் இருக்கிறது. அதனால் உண்மை விடை 12,000-க்குக் கீழேதான் வரவேண்டும்.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. ஆழத்தை மேலிருந்து அளந்துவிட்டு, அகலத்தை மட்டும் அடியிலிருந்து அளந்த 40 + 2y என்று எழுதிவிடுவது. கணக்கு தடையில்லாமல் ஓடி 13,333 என்று முடியும். நீங்கள் கணக்கிட்டது தலைகீழாக நிற்கும் சுவரை! விடை 12,000-ஐத் தாண்டியதுமே சந்தேகம் வரவேண்டும். அடியிலிருந்துதான் அளப்பேன் என்றால் அளக்கலாம். ஆனால் அழுத்தத்திலும் y-க்குப் பதில் 20 − y என்று போடவேண்டும். விடை மாறாது.

உறுதிசெய்ய இன்னொரு வழி: செங்குத்துப் பரப்பின் வடிவ மையம் இருக்கும் ஆழத்து அழுத்தத்தை மொத்தப் பரப்பால் பெருக்கினால் சரியான விசை வரும். இந்தச் சரிவகத்தின் மையம் 8.889 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 8.889 × 1200 = 10,667.

விசை எந்த ஆழத்தில் செயல்படுகிறது?

வடிவ மையத்தில் அல்ல. அழுத்தம் கீழே அதிகம் என்பதால் விசையின் செயற்புள்ளி அதைவிடத் தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு பட்டையின் விசையையும் அதன் ஆழத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த விசையால் வகுக்கவேண்டும். 9.81 மேலும் கீழும் அடிபட்டுப்போகும்.

```
∫ y² (80 − 2y) dy = 133333
133333 / 10666.7 = 12.5 m
```

நீர்மட்டத்திலிருந்து 12.5 மீட்டர், அடியிலிருந்து 7.5 மீட்டர். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறனைக் கணக்கிட இந்த 7.5 வேண்டும்.

மேட்டூரில் 20 அடி ஏறினால்

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அளவுகோலின் பூஜ்யத்தையே அடி என்று கொண்டு, ஒரு மீட்டர் அகலமுள்ள சுவர்த்துண்டை மட்டும் எடுப்போம். அகலம் மாறாததால் விசை ஆழத்தின் வர்க்கத்தில் பாதி: 120 அடி, அதாவது 36.58 மீட்டருக்குச் சுமார் 669 டன். 100 அடியில் இருந்தபோது 465 டன். மட்டம் 20 சதவீதம் ஏறினால் விசை 44 சதவீதம் ஏறுகிறது. கவிழ்க்கும் திருப்புத்திறன் ஆழத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறக்குறைய 73 சதவீதம் ஏறும்.

இந்தக் கணக்கில் நீர்த்தேக்கம் எத்தனை டிஎம்சி என்பது எங்கும் வரவில்லை. மட்டம் 120 அடியாக இருக்கும்வரை, பின்னால் நீர் பல கிலோமீட்டர் பரவியிருந்தாலும் சுவர் மீது அதே விசைதான். சுவரின் முகம் சற்றுச் சரிந்திருந்தாலும் கிடைமட்டமாகத் தள்ளும் விசை மாறாது. சரிவின் மேல் நிற்கும் நீரின் எடை தனியாகச் செங்குத்தாகச் சேரும். அடியில் படியும் வண்டலின் தள்ளலும், அடித்தளத்தின் கீழ் கசிந்து சுவரை மேலே தூக்கும் நீரழுத்தமும், நிலநடுக்கத்தின்போது கூடும் விசையும் இந்தத் தொகையீட்டுக்குள் அடங்காதவை. அணை வடிவமைப்பில் அவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு இதனுடன் சேர்ப்பார்கள்.