சிறு பவர் பிரஸ்ஸுக்குத் தனி அஸ்திவாரம்: அதிர்வு கட்டடத்துக்குள் போகாமல் தடுப்பது எப்படி?

எங்கள் பட்டறையில் பிரஸ் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பக்கத்து அறை ஜன்னல் கண்ணாடி சலசலக்கும். தனி அஸ்திவாரம் போட்ட பிறகு அது நின்றுவிட்டது. அந்த வேலையைப் படிப்படியாக எழுதுகிறேன். கான்கிரீட் கலப்பது, கம்பி கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தகட்டை வெட்டும் விசை பிரஸ்ஸின் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தகடு அறுபடும் நொடியில், இழுபட்டிருந்த சட்டம் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்புகிறதே, அந்த உதறல்தான் தரைக்குள் இறங்குகிறது. ஆகவே முதலில், தகட்டை வெட்டும் பஞ்ச் கருவியின் முகத்தைச் சற்றுச் சாய்வாகத் தீட்டுங்கள். தகடு ஒரே அடியாக அறுபடாமல் ஓரத்திலிருந்து படிப்படியாக அறுபடும். உதறல் அங்கேயே குறையும்.

படி 1: கட்டையின் எடை. பிரஸ் 1,200 கிலோ என்றால் கான்கிரீட் கட்டை அதைப்போல் மூன்று மடங்கு, 3,600 கிலோ இருக்கட்டும். 1.6 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், 0.72 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய அந்த எடை வரும். பிரஸ்ஸும் கட்டையும் சேர்ந்து 4,800 கிலோ. அதே உதறல் இப்போது நான்கு மடங்கு எடையை அசைக்க வேண்டியிருப்பதால் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும்.

படி 2: குழி. நான்கு பக்கமும் 50 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி குழி வெட்டி, மண் சரியாமல் செங்கல் சுவர் கட்டுங்கள். அடியில் 100 மில்லிமீட்டர் சாதாரண கான்கிரீட் மட்டமாக இருக்கட்டும். பக்கத்துத் தூணின் அடித்தளத்தைவிட ஆழமாக மட்டும் தோண்டாதீர்கள்.

படி 3: ரப்பர் விரிப்பு. பாரம் அதிகம் என்று கடினமான விரிப்பை வாங்கிவிடுகிறார்கள். விரிப்பு எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதுதான் கணக்கு. 15.8-ஐ அந்த அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், கட்டை ஒரு நொடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்பது கிடைக்கும். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 முறை. அரை மில்லிமீட்டர்தான் அமுங்கினால் 22 முறை. நிமிடத்துக்கு 1,440 சுற்றும் மோட்டார் நொடிக்கு 24 முறை அதிர்கிறது. இரண்டும் நெருங்கிவிட்டால் விரிப்பு அதிர்வைத் தடுக்காது, பெருக்கிவிடும். ரப்பர் அதிரும்போது சற்றுக் கூடுதல் விறைப்பைக் காட்டும் என்பதால் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். கட்டையின் அடிப்பரப்பு முழுவதும் விரித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.23 கிலோ அழுத்தம் வருகிறது. தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

படி 4: பக்க இடைவெளி. முழு வேலையும் கெடுவது இங்கேதான். தெர்மோகோல் பலகையை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால், பலகைகளின் இணைப்பு வழியாகச் சிமென்ட் பால் கசிந்து செங்கல் சுவரோடு ஒட்டி இறுகிவிடும். விரல் பருமனுள்ள ஒரு துண்டு இறுகினாலும் அதிர்வு அதன் வழியாகக் கட்டடத்துக்குப் போய்விடும். பலகைகளைப் பாலிதீன் தாளால் முழுவதும் சுற்றி, ஒவ்வொரு இணைப்புக்கும் டேப் ஒட்டுங்கள். அடி விரிப்பின் மேலும் பாலிதீன் போட்டு, ஓரங்களைப் பக்கத்தில் ஏற்றி ஒட்டிவிடுங்கள். 50 மில்லிமீட்டர் பலகை ஒன்றைவிட 25 மில்லிமீட்டர் பலகை இரண்டையே நான் விரும்புவேன். பின்னால் உருவி எடுப்பது எளிது. எடுத்தே ஆக வேண்டும்.

எடுத்த பிறகு நீளமான இரும்புப் பட்டை ஒன்றை இடைவெளிக்குள் அடிவரை விட்டு, சுற்றிலும் மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே சிமென்ட் இருக்கிறது. உளியால் கொத்தி எடுத்த பிறகே மேலே செல்லுங்கள்.

படி 5: போல்ட்டும் மூடியும். போல்ட் குழிகளைச் சுருங்காத சாந்தால் நிரப்பி, அது நன்றாக இறுகிய பிறகு நட்டை முறுக்குங்கள். இடைவெளியின் வாயை மூடும் தகட்டைத் தரைப்பக்கம் மட்டும் திருகுங்கள். கட்டையின் மேல் அது உரசக்கூடாது. உலோகத் துருவலும் எண்ணெயும் உள்ளே விழாமலிருக்க விளிம்பில் மென்மையான ரப்பர் பட்டை போதும்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் சுவர் அதிர்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சுவரிலிருந்து மோட்டாருக்கு வந்த இரும்பு மின்குழாய்தான் காரணமாக இருந்தது. மின்கம்பி, காற்றுக் குழாய் இரண்டும் கட்டைக்கு வரும் இடத்தில் தளர்வான வளையும் குழாயாக இருக்கட்டும்.

லேத்துக்கும் இதே கட்டை பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். பொருந்தும், ஆனால் ரப்பர் கட்டையின் அடியில் மட்டுமே இருக்கட்டும். லேத்தின் கால்களுக்கு அடியில் மென்மையான ரப்பர் வைத்தால் படுக்கை முறுகி, கடைந்த தண்டு ஒரு முனையில் பருத்து மறுமுனையில் மெலிந்து வரும். கட்டை முழுப் பாரத்தோடு அமுங்கி நிலைத்த பிறகு மட்டம் பார்த்து, போல்ட்டை இறுக்கியபின் மறுபடியும் ஒருமுறை மட்டம் பாருங்கள்.