செய்தி நடையில் வரும் விடைகளில் இயல்புரையையும் நெறியுரையையும் பிரிப்பது எப்படி? பீடிக் கூலியை வைத்து ஒரு செய்முறை

பொருளியல் தேர்வுகளில் வரும் ஒரு வகை வினாவில், நான்கு விடைகளும் நாளிதழின் ஒற்றை வரிச் செய்திகளைப் போல இருக்கும். அவற்றுள் உள்ளதையோ நடக்கப்போவதையோ சொல்லும் இயல்புரைக் கூற்று எது, அது நல்லதா கெட்டதா, எப்படி இருக்க வேண்டும் என்று மதிப்பிடும் நெறியுரைக் கூற்று எது என்று பிரிக்கச் சொல்வார்கள். 'வேண்டும்' என்று முடிந்தால் நெறியுரை, இல்லாவிட்டால் இயல்புரை என்ற குறுக்குவழியைத்தான் பலரும் கையாளுகிறார்கள். பாடநூலின் பயிற்சிப் பகுதியில் அது பலிக்கும். செய்தி நடையில் எழுதப்பட்ட விடைகளில் அது இரு பக்கமும் தவறும். 'வேண்டும்' உள்ள இயல்புரைகளும் உண்டு, 'வேண்டும்' இல்லாத நெறியுரைகளும் உண்டு.

திருநெல்வேலிச் சீமைக்கு நன்கு பழகிய பீடித் தொழிலை எடுத்துக்கொள்வோம். மேலப்பாளையம், முக்கூடல், இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குளம் ஆகிய ஊர்களில், பெண்கள் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, வீட்டிலேயே சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் கொடுக்கிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். இதை வைத்து நானே அமைத்த வினா இது.

பின்வருவனவற்றுள் நெறியுரைக் கூற்று எது?

அ) பீடிக்கான வரியை உயர்த்தினால் பீடி விற்பனை உயரும்.
ஆ) ஆயிரம் பீடிக்கான கூலியை உயர்த்த வேண்டும் என்று கோரி, பீடித் தொழிலாளர்கள் ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் செய்தனர்.
இ) வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி, அவர்களது உழைப்புக்கு ஈடானதல்ல.
ஈ) பீடிக் கூலி உயர்ந்தால், நிறுவனங்கள் கூலி குறைந்த மாநிலங்களுக்குத் தொழிலை மாற்றிவிடக்கூடும்.

முதல் படியாக, வாக்கியத்தின் முதன்மை வினைமுற்று எது என்று பாருங்கள். விடை 'ஆ'வில் அது 'உயர்த்த வேண்டும்' அல்ல, 'ஆர்ப்பாட்டம் செய்தனர்' என்பதே. 'என்று' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது தொழிலாளர்களின் கருத்து. செய்தி எழுதியவர் பொறுப்பேற்பது ஆர்ப்பாட்டம் நடந்தது என்ற தகவலுக்கு மட்டுமே. அந்த ஆர்ப்பாட்டம் நடக்கவில்லை என்றால் செய்தி பொய். கூலியை உயர்த்துவது சரியா தவறா என்பதற்கும் இந்த வாக்கியத்தின் உண்மைக்கும் தொடர்பில்லை. ஆகவே இது இயல்புரை. 'தொழிலாளர்களின் நியாயமான கோரிக்கையை அரசு இன்னும் ஏற்கவில்லை' என்று அதே செய்தியை எழுதினால் நிலைமை மாறிவிடும். 'நியாயமான' என்ற அடைமொழியைப் போட்டவர் செய்தியாளரே. 'என்று', 'என', 'எனக் கூறினார்', 'வலியுறுத்தினார்' ஆகியவை வரும் இடங்களிலெல்லாம், மதிப்பீடு யாருடையது என்று கேட்டுவிட்டே மேலே செல்லுங்கள்.

இரண்டாவது படி, இதைச் சான்றைக் கொண்டு தீர்க்க முடியுமா என்று கேட்பது. தொடக்க நிலை மாணவர்களில் பலர் விடை 'அ'வைப் படித்தவுடன், வரி கூடினால் விலை கூடும், விலை கூடினால் தேவை குறையும், எனவே இது தவறு என்று கண்டுபிடித்து, தவறானதால் இது இயல்புரை ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கூற்று உண்மையா பொய்யா என்பது வேறு வினா. விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்து 'பொய்' என்று நிறுவ முடிகிறது என்பதே அது இயல்புரை என்பதற்கு அடையாளம். விடை 'ஈ'யும் அப்படித்தான்: 'கூடும்' என்பது ஐயத்தைக் காட்டுகிறதே தவிர விருப்பத்தைக் காட்டவில்லை, நடந்த பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்கே மனச்சாய்வு நம்மை ஏமாற்றும். 'கூலியை உயர்த்தினால் பீடித் தொழிலாளர் குடும்பங்களின் வறுமை குறையும்' என்ற வாக்கியம் பரிவோடு ஒலிப்பதால் நெறியுரை போலவும், விடை 'ஈ' கறாராக ஒலிப்பதால் இயல்புரை போலவும் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வகை, இரண்டும் விளைவைப் பற்றிய கணிப்புகள். மில்டன் ஃப்ரீட்மன் 1953-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். தொழிலாளர்களுக்குப் போதிய கூலி கிடைக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை, சட்டம் அதைச் சாதிக்குமா என்ற கணிப்பில்தான் வேறுபடுகிறார்கள் என்பது அவர் வாதம். எல்லாக் கொள்கைச் சண்டைகளுக்கும் இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விடைகளைப் பிரிக்கும்போது, தொனியை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்க்க இது உதவும்.

மூன்றாவது படி, அளவுகோலைத் தேடுவது. விடை 'இ'யில் 'வேண்டும்' இல்லை, கட்டளையும் இல்லை. ஆயினும் 'ஈடானதல்ல' என்ற சொல்லுக்கு அளவுகோல் வாக்கியத்துக்குள் தரப்படவில்லை. ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு ஈடு என்பதைக் கூலிப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அது நியாயம் பற்றிய தீர்ப்பு. எனவே விடை 'இ'. இதையே 'பெண்களுக்குக் கிடைக்கும் கூலி, அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு' என்று மாற்றினால், அரசாணையையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கலாம், கூற்று இயல்புரையாகிவிடும். அதிகம், குறைவு, சுமை, தேவையற்ற, போதிய போன்ற சொற்களைக் காணும்போதெல்லாம், 'எதைவிட?' அல்லது 'எதற்கு?' என்று கேளுங்கள். விடை வாக்கியத்திலேயே இருந்தால் இயல்புரை. எழுதியவரின் மனத்தில் மட்டும் இருந்தால் நெறியுரை.

சட்டம் பற்றிய செய்திகளுக்குத் தனிக் கவனம் தேவை. 'பீடித் தொழிற்கூடம் நடத்துபவர் உரிமம் பெற வேண்டும் என 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது' என்பது சட்டத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்ற தகவல், ஆகவே இயல்புரை. அந்த விதி நல்லது என்றோ போதாது என்றோ சொல்லத் தொடங்கும்போதுதான் எல்லை கடக்கப்படுகிறது.

கடைசியாக, கலப்பு வாக்கியங்கள். '2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு வரி விதித்தது ஏழைகளின் மீது சுமத்தப்பட்ட அநியாயமான சுமை' என்ற விடையை இரண்டாக வெட்டுங்கள். முதல் பாதி தேதியும் விகிதமும் கொண்ட தகவல், அது உண்மையும்கூட. வாக்கியம் முடிவாக உறுதிசெய்வதோ 'அநியாயமான சுமை' என்பதை. தகவல் பகுதியை எடுத்துவிட்டாலும் தீர்ப்பு எஞ்சுகிறது என்பதால், தேர்வில் இதை நெறியுரை என்றே குறிக்க வேண்டும். எண்ணும் தேதியும் இருப்பதைக் கண்டு இதை இயல்புரை என்று குறிப்பவர்கள்தான் அதிகம். வினா அமைப்பவர் எண்ணை அங்கே வைப்பதும் பெரும்பாலும் அதற்காகத்தான்.

'பீடிக் கூலி குடும்பம் நடத்தப் போதாது' என்ற விடை வந்தால் மட்டும் சற்று நின்று யோசியுங்கள். குடும்பச் செலவுக்கான தொகை வினாவில் தரப்பட்டிருந்தால், கூலியை அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்பதால் அது இயல்புரை. அப்படி எதுவும் தரப்படாதபோது, எவ்வளவு இருந்தால் போதும் என்பதை எழுதியவரே முடிவுசெய்கிறார். அங்கே அதை நெறியுரைப் பக்கம் வையுங்கள்.