"வேலை அதிகம் சார்" என்று சொல்வதில் என்ன தவறு? கடினமான மேலதிகாரியிடம் கெடு பேசும்போது சறுக்கும் இடங்கள்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி. கையில் ஏற்கனவே இரண்டு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரி மேசைப் பக்கம் வந்து, "விற்பனை ஒப்பீடு ஒண்ணு வேணும். வியாழக்கிழமை காலையில என் கையில இருக்கணும்" என்கிறார். மறுத்தால் முகம் மாறும், குரல் உயரும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த அரை நிமிடத்தில் என்ன சொல்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். நான் பல வருடம் இந்தப் பக்கம் நின்று பதில் சொன்னவன். பிறகு சில வருடம் கெடு கொடுக்கும் பக்கமும் இருந்திருக்கிறேன். இந்த ஒரு சூழ்நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கெங்கே பேச்சு கெட்டுப்போகிறது என்று பார்க்கலாம்.

முதல் தவறு, நின்ற இடத்திலேயே "சரி சார்" என்பது. பயத்தில் வரும் சொல் அது. சொன்னதுமே அது வாக்குறுதியாகிவிடுகிறது. புதன்கிழமை மாலை போய் "முடியல" என்று நின்றால், திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் வந்திருக்கும் கோபத்தைவிட இரண்டு மடங்கு வரும். அதில் நியாயமும் உண்டு. திங்கட்கிழமை என்றால் அவரால் வேறு ஏற்பாடு செய்திருக்க முடியும், புதன்கிழமை மாலை முடியாது.

இதற்கு நேர் எதிரானது, "ஏற்கனவே நிறைய வேலை இருக்கு சார்" என்பது. இது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் தவறு, ஏனென்றால் அவர் காதில் விழுவது வேறு. உங்கள் மேசையில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாதி வேலையை அவரே கொடுத்திருப்பார், கொடுத்ததை மறந்திருப்பார். ஆகவே "நிறைய" என்ற சொல்லை உங்கள் மனநிலையாகத்தான் எடுத்துக்கொள்வார். உடனே "மத்தவங்க எல்லாம் செய்யலையா?" என்று வரும். அந்த நொடியில் பேச்சு வேலையை விட்டுவிட்டு உங்கள் மீது திரும்பிவிடுகிறது. உங்கள் திறமை, உழைப்பு, விருப்பம் பற்றி அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஜெயித்தாலும் உறவு கெடும்.

அந்த அரை நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி, சொல்ல வேண்டியது ஒரே ஒரு நேரம். "இது எந்த மீட்டிங்குக்கு சார்? கையில இருக்கறதோட சேர்த்துப் பார்த்துட்டு நாலு மணிக்கு வந்து சொல்றேன்." 'நாளைக்குச் சொல்றேன்' என்றால் தட்டிக்கழிப்பதாகத் தெரியும், ஒரு மணி நேரம் யாரையும் எரிச்சலாக்காது. சொன்னபடி நாலு மணிக்குப் போய் நிற்க வேண்டும், அது முக்கியம். எந்த மீட்டிங் என்ற கேள்வியை நான் எப்போதும் விடமாட்டேன். கெடு கொடுக்கும் பக்கம் இருந்தபோது, வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு வியாழக்கிழமை காலை என்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நடுவில் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளத்தான். அந்த இடைவெளி இருப்பது தெரிந்தால் பேச இடம் இருக்கிறது.

எட்டு மணி நேரம் என்று ஒரு பொய்

இனி கணக்கு. இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதிகம் நடக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம். கடந்த இரண்டு வாரக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். மீட்டிங், மெயில், மற்றவர்கள் வந்து கேட்கும் சந்தேகங்கள் எல்லாம் போக, உட்கார்ந்து ஒரு வேலையை நகர்த்திய நேரம் எவ்வளவு? பலருக்கு ஐந்து மணி நேரம் தேறுவதே அரிது.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற மதிப்பீட்டிலும் இதே கதைதான். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 48 நாளுக்கு மேல் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் பிடித்தது. அதாவது மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை. ஆகவே 'இந்த முறை எவ்வளவு ஆகும்' என்று யோசிக்காமல், 'போன முறை எவ்வளவு ஆனது' என்று பார்த்து எழுதுங்கள்.

நம் திங்கட்கிழமைக்கு வருவோம். வியாழன் மாலைக்குள் முடிக்க வேண்டிய நிலுவைக் கணக்கு ஒத்துப்பார்ப்பு: இன்னும் 14 மணி நேரம். வெள்ளி மாலைக்குள் தர வேண்டிய பயிற்சிக் கையேடு: 6 மணி நேரம். புதிதாக வந்த ஒப்பீடு: 10 மணி நேரம். மொத்தம் 30. இருப்பது, திங்கள் மாலை வரை 2 மணி நேரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் 5, ஆக 22. எட்டு மணி நேரம் குறைகிறது. ஒப்பீடு கேட்ட வியாழன் காலைக்குள் கிடைப்பது 12 மணி நேரம்தான்.

இப்படி ஒரு தாளில் எழுதியதும் "நிறைய வேலை" என்பது "எட்டு மணி நேரம் குறைகிறது" என்று மாறிவிடுகிறது. பிந்தையதைப் பற்றிக் கோபப்பட அவருக்குக் காரணமே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் தாளின் மீது இருக்கும், உங்கள் மீது இருக்காது.

"எதை முதல்ல செய்யட்டும்?"

இது பரவலாகச் சொல்லித்தரப்படும் கேள்வி. நல்ல மேலதிகாரியிடம் வேலை செய்யும். கடினமானவரிடம் வெறுமனே இதைக் கேட்டால் வரும் பதில், "எல்லாமே முதல்ல." இந்தக் கேள்வி யோசிக்கும் வேலையை அவர் தலையில் வைக்கிறது, அவசரத்தில் இருப்பவர் அதைத் திருப்பி எறிகிறார். இன்னொரு பக்கம், கேட்காமல் நாமே ஒன்றைத் தள்ளிப்போட்டுவிட்டு அவர் கவனிக்க மாட்டார் என்று இருப்பதும் தவறு. அவர் கவனிக்கும் நாளில் நம்பிக்கை போய்விடும்.

வழிகளை நாம் தயார் செய்து, தேர்வை அவரிடம் விடுவதுதான் சரி. நாலு மணிக்குப் போய்ச் சொல்வது இப்படி இருக்கலாம்:

"சார், ஒப்பீடு வியாழன் காலை முழுசா வந்துடும். அப்படின்னா நிலுவைக் கணக்கு திங்கள் மதியம் ஆகும், கையேடு செவ்வாய் மாலை. இல்லைன்னா வியாழன் காலை மீட்டிங்குக்குத் தேவையான மொத்தத் தொகை மட்டும் நாலு மணி நேரத்துல எடுத்துத் தர்றேன். நிலுவைக் கணக்கு வெள்ளி மதியம் முடிஞ்சுடும், கையேடு திங்கள். பொருள்வாரி விவரம் செவ்வாய் மாலை வரும். ரெண்டாவதுதான் சரியா வரும்னு எனக்குத் தோணுது."

இதில் "முடியாது" என்ற சொல் எங்கும் இல்லை. எது எப்போது வரும் என்பது மட்டும்தான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், உங்கள் பரிந்துரை இல்லாவிட்டால் இதுவும் வெறும் கேள்வியாகிவிடும்.

அப்போதும் அவர் "எனக்கு எல்லாமே வேணும்" என்றால்? பலர் இங்கே வாயடைத்து "முயற்சி பண்றேன்" என்று திரும்பிவிடுவார்கள். அந்தச் சொல்லை அவர் "சரி" என்றே எடுத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக, அவருக்குச் செலவு குறைந்த ஒன்றைக் கேளுங்கள். "அப்படின்னா செவ்வாய்லேர்ந்து வெள்ளி வரைக்கும் சந்தேகம் கேட்டு வர்றவங்களை வேற யாராவது பார்த்துக்கட்டும் சார்." தினம் ஒன்றரை மணி நேரம் அதில் போகிறது என்றால் நாலு நாளில் ஆறு மணி நேரம் மீளும். ஒப்பீடு முழுதாக வியாழன் காலை, நிலுவைக் கணக்கு வெள்ளி மதியம், கையேடு மட்டும் திங்கள். அவர் தன் பேச்சிலிருந்து இறங்கியதாகவும் ஆகாது. கடினமான மேலதிகாரிகள் பலருக்கு உண்மையில் பயம் அதுதான், தன் சொல் தோற்றுப்போனதாகத் தெரிவது.

அதனால்தான் இந்தப் பேச்சை மற்றவர்கள் முன்னால் நடத்தவே கூடாது. குழு மீட்டிங்கில் கெடு அறிவிக்கும்போது "அது நடக்காது சார்" என்று சொன்னால், தனியாக ஒத்துக்கொண்டிருக்கக்கூடியதைக்கூட அங்கே ஒத்துக்கொள்ள மாட்டார். மீட்டிங் முடிந்ததும் பின்னாலேயே போய்ப் பேசுங்கள்.

பேசி முடித்ததும் மெயில். எழுதாமல் விடுவதும் தவறு, ஆயுதமாக எழுதுவதும் தவறு. "தாங்கள் வலியுறுத்தியதன் பேரில்" என்று தொடங்கி அவருடைய மேலாளருக்கும் நகல் அனுப்பினால் அது போர் அறிவிப்பு. "நாம பேசினபடி: ஒப்பீடு வியாழன் காலை, நிலுவைக் கணக்கு வெள்ளி மதியம், கையேடு திங்கள். மாத்தணும்னா சொல்லுங்க சார்." இது போதும், அவருக்கு மட்டும். மறதிக்காரருக்கும் சொல் மாற்றுபவருக்கும் இந்த இரண்டு வரியே பதில்.

மணி நேரத்தை ஊதிச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. பத்தை இருபது என்று சொல்லி, பதினொன்றில் முடித்துக் கொடுத்தால் முதல் முறை பாராட்டு கிடைக்கும். அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் பாதியாக வெட்டுவார். சந்தேகம் இருந்தால் அதைப் பிரித்துக் காட்டுங்கள்: "தரவு சரியா இருந்தா பத்து மணி நேரம், திருத்த வேண்டியிருந்தா பதினாலு. செவ்வாய் மதியம் தெரிஞ்சுடும்."

அந்தச் செவ்வாய் மதியம் வந்ததும் சொல்வதுதான் மீதி வேலை. பாதி நேரம் போய் பாதி வேலை முடியவில்லை என்றால், அப்போதே தகவல் போக வேண்டும். மனம் "ராத்திரி உட்கார்ந்து பிடிச்சுடலாம்" என்று சொல்லும், அதை நம்பித்தான் புதன் மாலை வரை மறைக்கிறோம். "மூணு பகுதியோட தரவு பொருந்தல, நாலு மணி நேரம் கூடுது. அந்த மூணையும் குறிப்போட விட்டுட்டு வியாழன் காலை தரட்டுமா, இல்லை முழுசா வியாழன் மாலை வேணுமா?" என்று செவ்வாயே கேட்டால் அவர் கையில் இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது.

இதெல்லாம் வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கும் மேலதிகாரிக்குத்தான் பொருந்தும், அவர் எவ்வளவு முன்கோபியாக இருந்தாலும் சரி. அடையாளம் சுலபம். கணக்கைக் காட்டினால் உறுமிக்கொண்டாவது ஏதோ ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பார். நாலைந்து முறை காட்டியும் எதையும் தேர்ந்தெடுக்காமல், எழுதி அனுப்பியதை மறுத்து, ஒவ்வொரு முறையும் உங்களைத் தனிப்பட்ட முறையில் இழிவுபடுத்துகிறார் என்றால் அங்கே பிரச்சினை கெடுவே அல்ல. அந்த இரண்டு வரி மெயில்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மனிதவளத் துறையிடமோ அவருக்கு மேலே இருப்பவரிடமோ போக வேண்டிய கட்டம் அது.

மற்றவர்களுக்கு, வேலை முடிந்த பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஒப்பீட்டைக் கொடுக்கும்போது, "பத்துன்னு சொன்னேன் சார், பதினொண்ணரை ஆச்சு. அடுத்த மாசம் கேட்டா பன்னிரண்டுன்னு வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் அவர் கேட்கும்போது அந்தப் பன்னிரண்டு அவருக்கு முன்பே தெரிந்த எண்ணாக இருக்கும்.